பொருள்: உங்கள் தையல் மெஷின் கடைப் பக்கம் போனில் படிக்க முடியவில்லை, சரிசெய்துவிடலாம்

வணக்கம் ஐயா,

என் பெயர் மீனா. சிறு கடைகளுக்கு இணையப் பக்கம் வடிவமைத்துத் தருவது என் தொழில். நாம் இதற்கு முன் பேசியதில்லை. உங்கள் பக்கத்தில் இருந்த மின்னஞ்சல் முகவரியைப் பார்த்துத்தான் எழுதுகிறேன். படிக்கக் கொஞ்சம் நேரம் ஒதுக்கினால் நன்றி.

போன வாரம் அம்மாவின் தையல் மெஷினில் துணிக்கு அடியில் நூல் கொத்துக்கொத்தாகச் சுருண்டு வந்தது. பாபின் கேஸ் போய்விட்டது என்று நினைத்து, புதிதாக ஒன்று வாங்கலாமென்று வரைபடத்தில் கடை தேடினேன். அங்கிருந்துதான் உங்கள் பக்கத்துக்கு வந்தேன். அதில் நீங்கள் எழுதியிருந்தது: அடியில் நூல் சுருண்டால் பாபினைக் குறை சொல்ல வேண்டாம், பாதத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மேல் நூலை முதலிலிருந்து கோத்துப் பாருங்கள். பாதம் இறங்கியிருந்தால் டென்ஷன் தட்டுகள் இறுகி இருக்கும், நூல் நடுவில் போய் உட்காராது என்று காரணமும் சொல்லியிருந்தீர்கள். அப்படியே செய்தோம். தையல் சீராக விழுந்தது. அம்மா அன்றே ஒரு தலையணை உறையைத் தைத்து முடித்துவிட்டார்.

பொருளை விற்கும் இடத்தில் "இது உங்களுக்குத் தேவையில்லை" என்று எழுதிவைக்கும் மனசு எனக்கு மிகவும் பிடித்தது. மெல்லிய துணிக்கு 75/11, சாதாரண பருத்திக்கு 90/14, ஜீன்ஸுக்கு 100/16 என்று நீங்கள் போட்டிருக்கும் ஊசி அட்டவணையும் அப்படித்தான். வருடக்கணக்கில் மெஷினோடு பழகியவரால் மட்டுமே இவ்வளவு தெளிவாக எழுத முடியும்.

ஆனால் இதை நான் என் கணினியில் படித்தேன். முதலில் திறந்தது போனில். அங்கே "வணக்கம்" இருக்க வேண்டிய இடத்தில் `tzf;fk;` என்று இருந்தது. "தையல்" என்பது `ijay;` என்று இருந்தது. பக்கம் முழுக்க இப்படியே. தமிழ்த் தட்டச்சு வேலை செய்த காலத்தில் பாமினி எழுத்துருவோடு பழகியவள் என்பதால் என்ன நடந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. என் கணினியில் அந்த எழுத்துரு இன்னும் இருக்கிறது, அதனால்தான் அங்கே ஒழுங்காகத் தெரிந்தது. உங்கள் கடைக் கணினியிலும் அது இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படி இருந்தால் உங்கள் கண்ணுக்கு இந்தக் குறை பட்டிருக்கவே வாய்ப்பில்லை.

விஷயம் இதுதான். பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தைப் பொருத்தியிருப்பார்கள். எழுத்துரு இருக்கும் கணினியில் தமிழ் தெரியும், இல்லாத இடத்தில் அடியில் உள்ள ஆங்கில எழுத்து அப்படியே வெளியே வந்துவிடும். தேடுபொறியும் அந்த ஆங்கில எழுத்தைத்தான் படிக்கிறது. அதனால் ஒருவர் "தையல் மெஷின் நூல் சுருள்கிறது" என்று தமிழில் தேடினால், அதற்கு நல்ல பதில் வைத்திருக்கும் உங்கள் பக்கம் அவர் கண்ணில் படாது. இத்தனை அக்கறையாக எழுதியது யாருக்கும் போய்ச் சேரவில்லையே என்பதுதான் எனக்கு வருத்தம். இந்தக் கடிதத்தை எழுத வைத்ததும் அதுவே.

"உங்கள் பக்கத்தில் கோளாறு" என்று பயமுறுத்தி வரும் மின்னஞ்சல்கள் உங்களுக்கும் வந்திருக்கும். அதனால் என் சொல்லை நம்ப வேண்டாம். கடைக்கு வரும் வாடிக்கையாளர் யாரிடமாவது அவர் போனில் உங்கள் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இதற்குத் தீர்வு இருக்கிறது. எழுதியதை எல்லாம், எந்தப் போனிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்ற வேண்டும். மாற்றித் தரும் கருவிகள் உண்டு, ஆனால் நடுவில் வரும் ஆங்கிலச் சொற்களையும் மாடல் எண்களையும் அவை குழப்பிவிடும். ஆகவே மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து வரி வரியாகப் படித்துத் திருத்த வேண்டும். உங்களிடம் இருப்பது 11 பக்கங்கள். 2 நாள் வேலை.

அப்புறம், சின்னதாக இன்னும் மூன்று. உங்கள் தொலைபேசி எண் மேலே உள்ள பேனர் படத்துக்குள் இருக்கிறது. படம் என்பதால் அதைத் தொட்டு அழைக்க முடியவில்லை. ஒரு தாளில் எழுதிக்கொண்டுதான் டயல் செய்ய வேண்டும், எல்லோரும் அவ்வளவு பொறுமையாக இருக்க மாட்டார்கள். எண்ணை எழுத்தாகப் போட்டு, தொட்டால் அழைப்பு போகும்படி செய்துவிடலாம். அடுத்து, உதிரிபாகப் படங்கள் ஆறும் போனில் எடுத்தபடியே ஏற்றப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் 4 எம்.பி.க்கு மேல். 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினாலே ஷட்டிலின் பள்ளம்கூடத் தெளிவாகத் தெரியும், பக்கமும் சட்டென்று திறக்கும். கடைசியாக, போனில் பக்கம் மொத்தமும் குறுகிச் சின்னதாகத் தெரிகிறது. உங்களுக்குப் பக்கம் செய்து தந்தவர் தொடர்பில் இருந்தால் `<head>` பகுதியில் இந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்:

```
<meta name="viewport" content="width=device-width, initial-scale=1">
```

இதைச் சேர்த்ததும் எழுத்து படிக்கும் அளவுக்கு வந்துவிடும். அதற்குப் பிறகு ஊசி அட்டவணை திரையைத் தாண்டி ஓடும், அதை மட்டும் தனியாகக் கவனிக்க வேண்டும். இதற்கெல்லாம் நான்தான் வர வேண்டும் என்றில்லை. அவரே செய்துவிட்டால் ரொம்ப சந்தோஷம்.

நான் செய்ய வேண்டும் என்று நினைத்தால், முதலில் "நூல் சுருளும் பிரச்சினை" பக்கத்தை மட்டும் மாற்றி, உங்கள் பக்கத்தைத் தொடாமல் தனியாக ஒரு மாதிரி செய்து அனுப்புகிறேன். அதற்குக் கட்டணம் இல்லை. போனில் பாருங்கள், பிடித்திருந்தால் மீதி வேலைக்கு என்ன ஆகும் என்று எழுத்தில் தருகிறேன், அதற்கு மேல் கேட்க மாட்டேன். உங்கள் எழுத்து நடையில் கை வைக்க மாட்டேன், எழுத்துரு மட்டும்தான் மாறும். பக்கத்தின் முகவரியும் கடவுச்சொற்களும் எப்போதும் உங்கள் பெயரிலேயே உங்கள் கையிலேயே இருக்கட்டும். யார் வேலை செய்தாலும் இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மாதிரி பார்க்க விருப்பம் என்றால் இந்த மின்னஞ்சலுக்கே "அனுப்புங்கள்" என்று ஒரு சொல் பதில் போதும். பேசுவது வசதி என்றால், கடையில் கூட்டம் இல்லாத நேரம் எது என்று சொல்லுங்கள், அப்போது நானே அழைக்கிறேன். இப்போது வேண்டாம் என்றாலும் சரி, மறுபடி எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன்.

அம்மா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார். மெஷினுக்கு எண்ணெய் எத்தனை நாளுக்கு ஒருமுறை விட வேண்டும் என்று உங்கள் பக்கத்தில் தேடினார், கிடைக்கவில்லை. நேரம் கிடைத்தால் அதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
மீனா
இணையப் பக்க வடிவமைப்பாளர்