அம்மிச்சிக்கு: முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பின் ஆறு வாரங்களுக்கான நினைவூட்டல்

அன்புள்ள அம்மிச்சிக்கு,

வலது முழங்காலில் மாற்று மூட்டு பொருத்தி ஜனவரி 10, சனிக்கிழமை நீங்கள் வீடு திரும்பிய பின் எதை எப்போது செய்ய வேண்டும் என்பதை இந்தத் தாளில் எழுதியிருக்கிறேன். இதைக் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டி வைத்து, காலையில் ஒரு முறையும் இரவில் ஒரு முறையும் அத்தையைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். நான் இயன்முறை மருத்துவம் படித்தவள் என்பதைவிட, உங்களுக்குச் சும்மா உட்கார வராது என்பதை அறிந்த பேத்தி என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

பயிற்சி நாளுக்கு நான்கு வேளை: காலை 7 மணி, 11 மணி, மாலை 4 மணி, இரவு 8 மணி. வலி மாத்திரையின் நேரமும் பயிற்சி நேரமும் ஒட்டி வரும்போது, மாத்திரை போட்டு அரை மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். வலி அடங்கியிருக்கும்போதுதான் கால் சொன்னபடி மடங்கும். முதலில் படுத்தபடியே இரு பாதங்களையும் மேலும் கீழுமாக 20 முறை அசையுங்கள். கெண்டைக்காலில் இரத்தம் உறையாமல் இருப்பதற்கு இது மிகவும் உதவும் என்பதால், பயிற்சி வேளை என்று பாராமல் விழித்திருக்கும்போது மணிக்கொரு முறை செய்யலாம். அடுத்து, முழங்காலின் பின்பக்கம் மெத்தையில் பதியுமாறு தொடையை இறுக்கி, ஐந்து எண்ணும் வரை வைத்திருந்து விடுங்கள். இது 10 முறை. பிறகு குதிகாலை மெத்தையிலேயே இழுத்துக்கொண்டு வந்து முழங்காலை மடக்கி, மெல்ல நீட்டுங்கள். இதுவும் 10 முறை. கடைசியாகக் காலை நேராக வைத்து ஒரு சாண் உயரம் தூக்கி இறக்குங்கள். முதல் சில நாட்களில் கால் எழும்பாவிட்டால் அத்தை குதிகாலுக்குக் கீழே கைகொடுத்துத் தாங்கட்டும்; அதற்காக அந்தப் பயிற்சியை விட்டுவிட வேண்டாம்.

மடக்கும்போது இழுத்துப் பிடிக்கும் வலி வரத்தான் செய்யும். பயிற்சி முடிந்து அரை மணி நேரத்தில் அது தணிந்தால் நீங்கள் சரியான அளவில்தான் செய்கிறீர்கள். மறுநாள் காலை வரை வலி நீடித்து வீக்கமும் கூடியிருந்தால் எண்ணிக்கையைப் பாதியாகக் குறையுங்கள். ஒரேயடியாக நிறுத்தினால் மூட்டு இறுகிப் போகும். ஒவ்வொரு வேளையும் முடிந்தபின் பனிக்கட்டிப் பையைத் துண்டில் சுற்றிக் கால் மணி நேரம் வையுங்கள். கட்டு நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துக்கொள்ளக் கூடாது. அப்படி வைத்தால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் மூட்டு மடங்கிய நிலையிலேயே பழகிவிட்டால் பிறகு கால் முழுவதும் நீளாது, நடை நிரந்தரமாகச் சாய்ந்துவிடும். வீக்கம் வடிய வேண்டுமென்றால் தலையணையைக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முழங்கால் நேராக இருக்கும்படி காலை உயர்த்திப் படுங்கள்.

நடக்கும்போது முதலில் வாக்கர், அடுத்து அறுவை செய்த வலது கால், அதன் பின் இடது கால். ஆசாரத்திலிருந்து வாசல் வரை சென்று திரும்புவது முதல் வாரத்துக்குப் போதும். திண்ணைப் படியில் ஏறும்போது நல்ல காலையும், இறங்கும்போது அறுவை செய்த காலையும் முதலில் வையுங்கள். அருகில் மாமா இல்லாமல் படியில் கால் வைக்க வேண்டாம். பொடக்காணியில் தரை எப்போதும் ஈரமாக இருப்பதால், அங்கே தனியாகப் போகவே கூடாது.

காயத்துக்காக மருத்துவமனைக்குப் போக வேண்டிய நாட்கள் மூன்று. ஜனவரி 13, செவ்வாய்க்கிழமை கட்டு மாற்றுவார்கள். ஜனவரி 20, செவ்வாய்க்கிழமை காயம் நன்றாகச் சேர்ந்திருந்தால் ஸ்டேப்பிள் கம்பிகளை எடுப்பார்கள். பிப்ரவரி 17, செவ்வாய்க்கிழமை எக்ஸ்ரே எடுத்து மூட்டைப் பார்ப்பார்கள். மூன்று நாளும் மாமா காலை 8 மணிக்குக் காருடன் தயாராக இருப்பார். ஈரோடு போய்ச் சேரும்வரை காலை நீட்டி வைக்க வசதியாக முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளி அதில் உட்காருங்கள். டிஸ்சார்ஜ் தாள், மாத்திரை உறை, சர்க்கரை அளவு எழுதிய நோட்டு ஆகிய மூன்றும் மஞ்சள் பையில் இருக்கின்றன. சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் காயம் ஆற நாளாகும் என்பதால், அன்றாடம் வெறும் வயிற்றில் பார்த்த அளவை அந்த நோட்டில் விடாமல் எழுதச் சொல்லுங்கள்.

கட்டை வீட்டில் யாரும் பிரிக்கக் கூடாது. நம் தோட்டத்து மஞ்சளானாலும் சரி, விளக்கெண்ணெயானாலும் சரி, காயத்தின் மேல் எதையும் பூசக் கூடாது. கம்பி எடுத்து, குளிக்கலாம் என்று மருத்துவர் சொல்லும்வரை ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொள்வதே போதும். முழங்கால் சில வாரங்களுக்கு வெதுவெதுப்பாக இருப்பதும், தழும்பின் ஓரத்தில் மரத்துப் போனது போலத் தோன்றுவதும் வழக்கமானவைதாம். ஆனால் காயத்திலிருந்து சீழோ நாற்றமோ வந்தாலும், சுற்றிலும் சிவப்பு பரவினாலும், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் வந்தாலும், அடுத்த செவ்வாய் வரும்வரை காத்திராமல் அன்றே போக வேண்டும். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தாலும் அப்படியே. நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ வந்தால் எனக்குச் சொல்வதற்கு முன்பு 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். இரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையை ஒரு நாளும் தவறவிடக் கூடாது; அதோடு சேர்த்துக் கடையில் வாங்கும் வலி மாத்திரை எதையும் மருத்துவரைக் கேட்காமல் போடவும் கூடாது.

ஓய்வைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. நீங்கள் வீடு வந்த ஐந்தாம் நாள் பொங்கல். காப்புக் கட்டுவதற்குப் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் மாமா கொண்டு வருவார். நாற்காலியில் உட்கார்ந்தபடி நீங்கள் அவற்றைக் கொத்தாகச் சேர்த்துக் கொடுத்தால் போதும். பட்டிப் பொங்கலுக்குக் கட்டுத்தரையில் இறங்கித் தெப்பம் கட்டுவது, சாணம் அள்ளுவது, மாட்டுக்கு ஊட்டுவது எதுவும் இந்த ஆண்டு உங்கள் வேலை அல்ல. கயிற்றை இழுக்கும் ஒரு கன்றுக்குட்டியே உங்களைக் கீழே தள்ளிவிடும். தரையில் சம்மணமிட்டு உட்காருவதும் குத்த வைப்பதும் கூடாது.

ஒரம்பரை வருவார்கள், வந்தவர்களை எழுந்து நின்று வாங்க என்று கேட்காவிட்டால் குறையாகிவிடும் என்று நினைப்பீர்கள். படுத்துக்கொண்டே கேட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பகல் 1 மணி முதல் 3 மணி வரை யாரையும் உள்ளே விட வேண்டாம் என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறேன். ஒரே இடத்தில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் காலைத் தொங்கவிட்டு உட்கார வேண்டாம். முதல் வாரங்களில் இரவில் தூக்கம் துண்டு துண்டாகத்தான் வரும். அதை ஈடுகட்டப் பகல் முழுவதும் தூங்கினால் இரவுத் தூக்கம் இன்னும் கெடும். இரவுக்கான வலி மாத்திரையைப் படுக்கப் போகும் நேரத்துக்கு ஒட்டி, எழுதிக் கொடுத்தபடி போட்டுக்கொள்ளுங்கள்.

ஜனவரி 25, ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன். கோணமானியைக் கொண்டு வந்து உங்கள் முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று அளப்பேன். அன்றைக்கு 90 டிகிரியாவது இருக்க வேண்டும். வாக்கரின் கால்களில் உள்ள ரப்பர் மூடிகள் தேய்ந்திருந்தால் மாமாவை இப்போதே சொல்லச் சொல்லுங்கள், வரும்போது புதியதை வாங்கி வருகிறேன்.

உங்கள் பேத்தி