மூத்த கணக்காளர் பணியிடம் குறித்துச் சில விளக்கங்கள் வேண்டி

மதிப்பிற்குரிய பணியமர்த்தல் அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். செவ்வாய்க்கிழமை தொலைபேசியில் பொறுமையாகப் பேசியதற்கு மிக்க நன்றி. கணக்குப் பிரிவுத் தலைவருடனான நேர்காணலுக்கு வரும் வாரத்தில் எந்த நாளைத் தாங்கள் குறித்தாலும் எனக்குச் சம்மதம். அதற்கு முன், இந்தப் பணியிடம் எதனால் காலியாக இருக்கிறது என்பதைத் தங்களிடமே நேரடியாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

இது நிறுவனம் புதிதாக உருவாக்கிய பணியிடமா, அல்லது ஏற்கெனவே ஒருவர் பார்த்துவந்த இடமா? விளம்பரத்தில் சப்ளையர் பில்களைச் சரிபார்த்துப் பணம் வழங்குவது, மாதாந்திரக் கணக்கு முடிப்பு, தணிக்கையாளர்களுக்கு ஆவணங்கள் தருவது ஆகிய மூன்றும் ஒரே பொறுப்பின் கீழ் வந்திருக்கின்றன. நான் பணியாற்றிய இடங்களில் இவற்றை இரண்டு பேராவது பகிர்ந்து செய்தார்கள். குறிப்பாக, பில்லைப் பதிவு செய்பவரே பணம் வழங்கவும் ஒப்புதல் தரக் கூடாது என்பதைத் தணிக்கையாளர்கள் வலியுறுத்துவார்கள். ஆகவே, இரண்டு பேரின் வேலை ஒருவரிடம் சேர்க்கப்பட்டிருக்கிறதா, அல்லது எனக்குக் கீழே உதவியாளர்கள் இருக்கிறார்களா என்பது தெரிந்தால் மிக உதவியாக இருக்கும்.

புதிய பணியிடம் என்றால், எந்த வேலை பெருகியதால் அதற்குத் தேவை ஏற்பட்டது, அந்த வேலையை இப்போது யார் கவனித்துவருகிறார்கள், இந்த நிதியாண்டின் செலவுத் திட்டத்தில் அதற்கு முழு ஒப்புதல் கிடைத்துவிட்டதா என்பவற்றை அறிய விரும்புகிறேன். ஒப்புதலைப் பற்றிக் கேட்பதைத் தாங்கள் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இப்போது இருக்கும் வேலையில் 60 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வர வேண்டியவன் நான். ராஜினாமா கடிதம் கொடுத்த பிறகு ஆளெடுப்பு நிறுத்திவைக்கப்பட்டால் அங்கும் இல்லாமல் இங்கும் இல்லாமல் நிற்க நேரிடும்.

ஒருவர் விட்டுச்சென்ற இடம் என்றால், அவருடைய பெயரோ சொந்தக் காரணங்களோ எனக்குத் தேவையில்லை. அவர் பதவி உயர்வு பெற்றோ வேறு பிரிவுக்கு மாறியோ சென்றாரா, நிறுவனத்தை விட்டே விலகினாரா, எவ்வளவு காலம் இந்தப் பொறுப்பில் இருந்தார் என்பதைத் தாங்கள் சொல்லக்கூடிய அளவுக்குச் சொன்னால் போதும். கடந்த மூன்று ஆண்டுகளில் இதே இடத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் வந்துபோயிருந்தால் அதையும் மறைக்காமல் தெரிவிக்க வேண்டுகிறேன். அதனால் மட்டும் நான் பின்வாங்கிவிட மாட்டேன். ஆனால் எதைச் சரிசெய்ய அழைக்கப்படுகிறேன் என்பது தெரிந்தே வர வேண்டும் அல்லவா?

இதை இவ்வளவு அழுத்திக் கேட்பதற்குக் காரணம் உண்டு. முன்பு ஒரு நிறுவனத்தில், எனக்கு முன்பு இருந்தவர் விலகிச் சில மாதங்கள் கழித்தே நான் சேர்ந்தேன். பொறுப்பை ஒப்படைக்க ஆள் இல்லை. வங்கிச் சரிபார்ப்புப் பட்டியலில் பழைய பதிவுகள் விளக்கமின்றி நிலுவையில் கிடந்தன. பணம் வரவில்லை என்று சப்ளையர்கள் அழைத்தபோது, எந்த பில் யார் மேசையில் நிற்கிறது என்று சொல்லக்கூட வழியில்லை. அந்தக் கணக்குகளை ஒழுங்குக்குக் கொண்டுவந்ததில் எனக்கு மனநிறைவுதான். என்றாலும், நிலைமையை முன்பே சொல்லியிருந்தால் முதல் மாதத்திலேயே அந்தப் பட்டியலிலிருந்து தொடங்கியிருக்கலாம். தங்கள் நிறுவனத்தின் இந்தப் பணியிடத்தில் பொறுப்பை ஒப்படைக்க ஒருவர் இருப்பாரா, எத்தனை நாட்கள் உடனிருப்பார் என்பதைத் தயவுசெய்து கேட்டுச் சொல்லுங்கள்.

பிரிவு அண்மையில் மாற்றியமைக்கப்பட்டதாகவும் பேச்சினிடையே குறிப்பிட்டீர்கள். அந்த மாற்றத்துக்கு முன் எத்தனை பேர் இருந்தார்கள், இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள், பிரிவுத் தலைவர் மாற்றத்துக்குப் பின் வந்தவரா, வேறு இடங்களும் நிரப்பப்படாமல் உள்ளனவா என்பவற்றை அறிந்தால், நேர்காணலில் அவரிடம் பொதுப்படையாகப் பேசாமல் வேலையைப் பற்றியே பேச முடியும். பிரிவுக்குள்ளிருந்தே யாரேனும் இந்தப் பொறுப்புக்கு விண்ணப்பித்திருக்கிறார்களா என்பதையும், தெரிவிப்பதில் தடை இல்லையென்றால், சொல்லலாம். நாளை அவருடன்தான் நான் சேர்ந்து வேலை செய்ய வேண்டியிருக்கும்.

இவற்றில் சில தங்கள் கைவசம் இல்லாத விவரங்களாக இருக்கலாம். அவற்றைப் பிரிவுத் தலைவரிடமே கேட்டுக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. எவற்றை அவரிடம் கேட்பது பொருத்தம் என்று மட்டும் குறிப்பிடுங்கள். எழுத்தில் தர இயலாதவற்றைத் தொலைபேசியில் சொன்னாலும் சரிதான். மாலை 6 மணிக்குப் பிறகு எந்த நாளும் பேச முடியும். நேர்காணலுக்கு ஒரு நாள் முன்பாவது தங்கள் பதில் கிடைத்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மூத்த கணக்காளர் பணிக்கான விண்ணப்பதாரர்