குடமுழுக்கு மலர் அச்சிடுவதற்கான விலை ஒப்பீட்டுக் குறிப்பு

நகரச் சிவன் கோயில் திருப்பணிக் குழுவினர் அவர்களுக்கு வணக்கம்.

தை மாதம் நடைபெறவுள்ள குடமுழுக்கையொட்டி வெளியிடும் மலருக்கு ஜெராக்ஸ் கடையே போதுமா, அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டுமா என்று சென்ற கூட்டத்தில் எழுந்த கேள்விக்கு விடையாக இக்குறிப்பை எழுதுகிறேன். காரைக்குடியில் ஒரு டிஜிட்டல் ஜெராக்ஸ் கடையிலும் ஓர் ஆஃப்செட் அச்சகத்திலும், சிவகாசியில் ஓர் அச்சகத்திலும் எழுத்து மூலமாக விலை வாங்கியிருக்கிறேன். கீழே வரும் தொகைகள் அனைத்தும் வரி சேர்ந்தவை. பக்க வடிவமைப்பை நம் பிள்ளைகளே முடித்து பிடிஎஃப் கோப்பாகக் கொடுக்க இருப்பதால் அதற்கான கூலி எதிலும் சேரவில்லை.

மூவரிடமும் ஒரே அளவையே கேட்டேன். உள்பக்கம் 64, அதில் வண்ணப் பக்கம் 8. அட்டை 250 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, வெளிப்புறம் வண்ணம், மேட் லேமினேஷன். நடுவில் பின் அடித்த கட்டு. ஊரில் 420 புள்ளிகள் இருப்பதால் புள்ளிக்கு ஒன்றும், உபயதாரர்கள், சிவாச்சாரியார்கள், சுற்றுவட்டாரக் கோயில்களுக்கு 180-ம் என 600 பிரதிகள் தேவை என்று கணக்கிட்டேன்.

ஜெராக்ஸ் கடையின் கணக்கு

ஏ4 தாளை நடுவில் மடித்தால் நான்கு பக்கம் கிடைக்கும். எனவே 64 பக்கத்துக்கு 16 தாள், அதாவது 32 முகம். கறுப்பு முகம் ஒன்றுக்கு, 75 ஜிஎஸ்எம் தாள் உட்பட, 60 பைசா. வண்ண முகம் ஒன்றுக்கு, தாள் எதுவானாலும், 8 ரூபாய். எட்டு வண்ணப் பக்கங்கள் நான்கு முகங்களில் அடங்குமானால் வண்ணத்துக்கு 32 ரூபாயும், மீதி 28 முகங்களுக்கு 16 ரூபாய் 80 பைசாவும், அட்டைக்கு 18 ரூபாயும், மடித்துப் பின் அடிக்க 4 ரூபாயும் ஆக, பிரதி ஒன்று 70 ரூபாய் 80 பைசாவுக்கு வருகிறது. பிரதி எத்தனையானாலும் இந்த விலை மாறாது என்பதே ஜெராக்ஸின் வசதியும் குறையும்.

உள்ளூர் ஆஃப்செட் அச்சகத்தின் கணக்கு

இங்கே கணக்கின் போக்கே வேறு. டெம்மி 1/8 அளவில் 18-க்கு 23 அங்குலத் தாளின் ஒரு முகத்தில் எட்டுப் பக்கம் அமையும். கறுப்புப் பக்கம் 56-க்கு ஏழு பிளேட்டுகள். பிளேட்டுக்கு 350 ரூபாயும் ஓட்டுக்கூலி 400 ரூபாயும் ஆக 5,250. வண்ணப் பக்கம் எட்டுக்கு நான்கு பிளேட்டும் ஓட்டுக்கூலியும் 5,500. அட்டைக்கு அவ்வாறே 4,500. இந்த 15,250 ரூபாயும் ஒரு பிரதி அடித்தாலும் ஆயிரம் பிரதி அடித்தாலும் கொடுத்தாக வேண்டிய தொகை. அதற்கு மேல் 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ தாள், வண்ணப் பக்கங்களுக்கு 130 ஜிஎஸ்எம் ஆர்ட் பேப்பர், அட்டைக் காகிதமும் லேமினேஷனும், பின் கட்டு என்று பிரதிக்கு 15 ரூபாய் 33 பைசா மட்டுமே ஆகிறது. அதனால் எண்ணிக்கை ஏற ஏற ஆஃப்செட்டில் பிரதியின் அடக்க விலை இறங்கிக்கொண்டே போகிறது.

| பிரதிகள் | ஜெராக்ஸ் (ரூ.) | உள்ளூர் ஆஃப்செட் (ரூ.) |
|---|---|---|
| 150 | 10,620 | 17,550 |
| 275 | 19,470 | 19,466 |
| 600 | 42,480 | 24,450 |
| 1,000 | 70,800 | 30,580 |

ஆக, 275 பிரதிக்குக் கீழே ஜெராக்ஸ் மலிவு. அதற்கு மேல் ஆஃப்செட் மலிவு. ஆனால் இந்த எல்லைக்கோடு வண்ணப் பக்கங்களைப் பொறுத்து நகரும். உள்பக்கத்தில் வண்ணமே இல்லாவிட்டால் இதே கணக்கில் அந்தக் கோடு சுமார் 385 பிரதிக்குத் தள்ளிப் போகிறது. ‘நானூறு வரை ஜெராக்ஸே லாபம்’ என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னது இதனால் முழுத் தவறல்ல; கறுப்பு வெள்ளைப் புத்தகத்துக்கு அவர் சொன்னது ஏறத்தாழச் சரி.

வண்ணப் பக்கங்களை வைக்கும் இடம்

பணம் அதிகம் விரயமாவது இந்த இடத்தில்தான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். நடுவில் பின் அடிக்கும் புத்தகத்தில் 1, 2, 63, 64 ஆகிய பக்கங்கள் ஒரே தாளில் இருக்கும்; நடுத்தாளில் 31 முதல் 34 வரையும், அதற்கு அடுத்த தாளில் 29, 30, 35, 36-ம் இருக்கும். எனவே வண்ணப் படங்களை 29 முதல் 36 வரை தொடர்ச்சியாக வைத்தால் இரண்டே தாளில் வேலை முடிந்துவிடும். மாறாக, இராஜகோபுரத்தை 5-ம் பக்கத்திலும், அம்பாள் சன்னதியை 12-ம் பக்கத்திலும், பழைய தேரை 21-ம் பக்கத்திலும் என்று எட்டையும் தனித்தனித் தாளில் சிதறவிட்டால், எட்டு முகங்கள் வண்ண இயந்திரத்தில் ஓட வேண்டும். ஜெராக்ஸ் விலை பிரதிக்கு 29 ரூபாய் 60 பைசா கூடி 100 ரூபாய் 40 பைசா ஆகிவிடுகிறது. படமும் எண்ணிக்கையும் மாறாமல், இருக்கும் இடம் மாறியதற்காக மட்டும் 600 பிரதிக்கு 17,760 ரூபாய் அதிகம்.

ஆஃப்செட்டில் வண்ணப் பக்கங்கள் எட்டு எட்டாகவே கூட வேண்டும். எட்டைப் பதினாறாக்கினால், மிச்சமாகும் கறுப்பு பிளேட்டையும் தாளையும் கழித்து 600 பிரதிக்குச் சுமார் 5,600 ரூபாய் கூடும். பன்னிரண்டு என்று நிறுத்தினாலும் அதே பிளேட், அதே ஓட்டுக்கூலிதான்; நான்கு பக்கத்தை வீணே விட்டதாக ஆகும். ஆகவே எட்டு அல்லது பதினாறு என்று முடிவு செய்ய வேண்டுகிறேன். என் எண்ணத்தில் எட்டுப் போதும்; உபயதாரர் தம்பதியரின் படங்கள் கறுப்பு வெள்ளையில் இருந்தால் யாருக்கும் மனக்குறை வராது, எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கும் வரை.

தாளின் கனம்

மூன்று கனத்திலும் மாதிரித் தாள் வாங்கி வந்து வளவில் முற்றத்து வெளிச்சம் படும் தூணோரம் பிடித்துப் பார்த்தேன். 70 ஜிஎஸ்எம் தாளில் பின்பக்கத்துக் கோபுரப் படத்தின் கருமை முன்பக்கத்து எழுத்துகளுக்கு நடுவே நிழலாகத் தெரிந்தது. தேவாரப் பதிகம் மட்டும் உள்ள பக்கங்களில் அது உறுத்தவில்லை. 80 ஜிஎஸ்எம்மில் கூர்ந்து பார்த்தால்தான் தெரிகிறது. 100 ஜிஎஸ்எம்மில் தெரியவே இல்லை, ஆனால் 64 பக்கப் புத்தகம் நடுக்கட்டில் விறைத்துக்கொண்டு மூடாமல் நிற்கிறது.

உள்ளூர் அச்சகத்தில் 70-லிருந்து 80-க்கு மாற 600 பிரதிக்குக் கூடுவது 520 ரூபாய், அதாவது பிரதிக்கு ஒரு ரூபாய்க்கும் குறைவு. ஜெராக்ஸ் கடையில் 75-லிருந்து 80-க்கு மாற, வண்ணத்தாள் போக மீதி 14 தாளுக்கும் தாளுக்கு 15 பைசா வீதம் 2 ரூபாய் 10 பைசா கூடுகிறது. 80 ஜிஎஸ்எம்மில் புத்தகத்தின் எடை 98 கிராம் அளவில் நிற்கும். 100 ஜிஎஸ்எம் என்றால் 115 கிராம் ஆகும். வெளியூர்ப் புள்ளிகளுக்குத் தபாலில் அனுப்பும்போது இதையும் பார்க்க வேண்டும்.

ஜெராக்ஸ் மாதிரியில் இன்னொன்றையும் கண்டேன். ஏ4 தாளின் இழை பெரும்பாலும் நீளவாக்கில் ஓடுவதால், அதைக் குறுக்கே மடிக்கும்போது மடிப்பு சீராக விழாமல் புத்தகம் உப்பிக்கொள்கிறது. அட்டையில் கோடு போடாமல் மடித்ததால் முதுகில் டோனர் வெடித்து வெள்ளைக் கீற்று தெரிந்தது. முன்பு என் வீட்டு விசேஷத்துக்கு ஒரு கடையில் அடித்த தோத்திரப் புத்தகத்தைப் பின் அடித்த பிறகு ஓரம் வெட்டாமலே கொடுத்துவிட்டார்கள். நடுத்தாள்கள் வெளியே பிதுங்கிக்கொண்டிருந்ததை இன்றைக்கும் பங்காளிகள் சொல்லிக் காட்டுகிறார்கள். எங்கே கொடுத்தாலும் ‘பின் அடித்தபின் மூன்று பக்கமும் வெட்டித் தர வேண்டும்’ என்று ஆர்டரில் எழுதி வாங்க வேண்டும்.

கட்டு

பின் கட்டு 3 ரூபாய் 50 பைசா. பெர்ஃபெக்ட் பைண்டிங் 12 ரூபாய். முதுகில் கோயில் பெயர் வர வேண்டும் என்பதற்காகப் பெர்ஃபெக்ட் பைண்டிங்கைச் சிலர் கேட்டார்கள். நம் புத்தகத்தின் தடிமன் 3 மில்லிமீட்டர் அளவுதான். அதில் பெயர் தெளிவாக வராது, பசையும் பிடித்து நிற்காது. 5,100 ரூபாய் கூடுதலாகக் கொடுத்துப் பக்கங்கள் கழன்றுவிழும் புத்தகத்தை வாங்க வேண்டியதில்லை. ஸ்பைரல் விரித்து வைத்துப் படிக்க வசதியானது, 25 ரூபாய், மலருக்குப் பொருந்தாது.

சிவகாசி

குறைந்தது 1,000 பிரதி என்ற நிபந்தனையுடன், 80 ஜிஎஸ்எம் தாளில் 29,000 ரூபாயும் லாரிக் கூலி 1,500-ம் கேட்கிறார்கள். பிரதிக்கு 30 ரூபாய் 50 பைசா என்பது கேட்க நன்றாக இருக்கிறது. உள்ளூரிலும் ஆயிரம் அடித்தால் ஏறத்தாழ அதே விலைதான், நமக்குத் தேவையோ 600. முழுப் புத்தகமும் வண்ணத்தில் என்றால் சிவகாசியை மறுபடி கேட்கலாம். அத்துடன், நாம் கொடுக்கும் காலம் அங்கே நாட்காட்டி வேலை மும்முரமாக நடக்கும் காலம். தாமதமானால் திருத்திக்கொள்ள நாளிருக்காது.

என் பரிந்துரை

உள்ளூர் ஆஃப்செட் அச்சகம், 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ, 29 முதல் 36 வரை எட்டு வண்ணப் பக்கம், நடுப்பின் கட்டு. 600-க்கு 24,970 ரூபாய் ஆகிறது. குடமுழுக்கன்று கேட்டு வருபவர்களுக்கு இல்லை என்று சொல்ல நேரக்கூடாது என்பதற்காக 650 அடிக்கலாம். கூடுதல் 50-க்கு 810 ரூபாய் மட்டுமே.

நன்கொடையாளர் பட்டியல் கடைசி வாரம் வரை வளர்ந்துகொண்டே இருக்கும் என்பது நாம் அறிந்ததே. அதற்காக அச்சை நிறுத்தி வைக்காமல், மார்கழி 10 வரை வந்த பெயர்களை மலரிலும், பிறகு வருபவற்றை நான்கு பக்க இணைப்பாக ஜெராக்ஸிலும் போட்டு உள்ளே செருகிவிடலாம். தாளுக்கு இரு முகம், 1 ரூபாய் 20 பைசா வீதம் 650-க்கு 780 ரூபாய். ஆக மொத்தம் 26,560 ரூபாய்.

அச்சகத்தார் பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கிறார்கள். மெய்ப்பு பார்த்துக் கையெழுத்திட்ட நாளிலிருந்து 12 நாளில் புத்தகம் தருவதாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த விலை கார்த்திகை முடிய மட்டுமே செல்லும் என்பதால், வரும் கூட்டத்தில் தொகைக்கு ஒப்புதல் அளித்து, மெய்ப்பு பார்க்க இருவரை நியமிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். மூன்று விலைப்பட்டியல்களும் மாதிரித் தாள்களும் நகர விடுதி அலுவலகத்தில் கணக்குப்பிள்ளையிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
மலர்ப் பொறுப்பு உறுப்பினர்