பஜனை மடத்து மூத்த உறுப்பினர்களுக்கு: போன் வழியாகக் காணிக்கை செலுத்துவது பற்றி

பெரியவர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

வரும் புரட்டாசி முதல் சனிக்கிழமையிலிருந்து நம் மடத்து அன்னதானத்துக்கு போன் வழியாகவும் காணிக்கை அனுப்பலாம். போன கூட்டத்தில் முடிவானது இது. முடிவான மறுநாளே, "இனிமே ரொக்கம் வாங்க மாட்டீங்களாமே" என்று மூன்று பேர் என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். ஆகவே அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ரொக்கம் எப்போதும் போல வாங்குவோம். உண்டியல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. முந்தானையில் முடிந்து கொண்டுவரும் இருபது ரூபாயை வேண்டாம் என்று சொல்ல நாங்கள் யார்?

ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கிற பிள்ளைகள் "எப்படி அனுப்பறது" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். முழங்கால் வலியில் படியேற முடியாதவர்களும் இருக்கிறீர்கள். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. பட்டன் போன் வைத்திருப்பவர்கள் இதற்காகப் புதுப் போன் வாங்க வேண்டாம்.

உண்டியலுக்குப் பக்கத்துச் சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் க்யூஆர் கோடு அட்டை மாட்டியிருக்கிறோம். ஜிபே, போன்பே, பேடிஎம் என்று எந்தச் செயலியில் ஸ்கேன் செய்தாலும் திரையில் மடத்தின் பெயர் வரும். ரசீதுப் புத்தகத்தில் உள்ள அதே பெயர். என் பெயரோ பொருளாளர் பெயரோ வந்தால் அது நம் கணக்கு இல்லை. அங்கேயே நிறுத்திவிட்டு எங்களைக் கூப்பிடுங்கள். கடைகளில் அசல் அட்டை மேல் வேறு ஸ்டிக்கர் ஒட்டி ஏமாற்றுகிறவர்கள் இருப்பதால்தான் கண்ணாடிச் சட்டம். இந்த க்யூஆர் கோடு படத்தை வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்ப மாட்டோம். "மடத்திலிருந்து" என்று அப்படி ஒன்று வந்தால் அது பொய். வெளியூர்ப் பிள்ளைகளுக்கு வங்கிக் கணக்கு எண்ணைத் தாளில் எழுதி உங்கள் கையில் தருகிறேன்.

இப்போது முக்கியமான விஷயம். பணம் கொடுக்கத்தான் பின் நம்பர் போட வேண்டும். பணம் வாங்க பின் நம்பர் தேவையே இல்லை. இது ஒன்று மனதில் நின்றால் பாதித் திருட்டு நடக்காது. நம் உறுப்பினர் அம்மா ஒருவருக்கு, "மடத்துக்கு ரெண்டு தடவை காசு போயிருக்கு, திருப்பித் தர்றோம், பின் போடுங்க" என்று ஒருவன் போன் செய்திருக்கிறான். நல்லவேளை, பேரன் பக்கத்தில் இருந்தான். மடத்துக் காசை நாங்கள் திருப்பித் தருவதாக இருந்தாலும் நேரில் வரச் சொல்லித்தான் தருவோம்.

பின் நம்பரையும் ஓடிபியையும் எனக்குக்கூடச் சொல்லாதீர்கள். நானே கேட்டாலும் சொல்லாதீர்கள். அழைப்பிதழ், அபராதச் சீட்டு என்று வாட்ஸ்அப்பில் வரும் ஃபைல் பெயர் ".apk" என்று முடிந்தால் தொட வேண்டாம், அது போனுக்குள் புகுந்துகொள்கிற செயலி. போன் திரையைக் காட்டச் சொல்கிறவன் பேச்சை உடனே துண்டியுங்கள். போலீஸ் என்று வீடியோ காலில் மிரட்டி, "உங்களைக் கைது பண்ணியிருக்கோம், அறையை விட்டு வெளியே வராதீங்க" என்றால் பயப்பட வேண்டாம், போனில் கைது செய்யும் சட்டம் நம் நாட்டில் கிடையாது. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930-க்குப் பேசுங்கள், பிறகு உங்கள் வங்கிக்கு. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, காசைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

அனுப்பியது போச்சா, போகலையா என்று தெரியாமல் திரை சுற்றிக்கொண்டே இருந்தால் மறுபடி அனுப்ப வேண்டாம். பாஸ்புக் பார்த்துச் சொல்கிறோம்.

ரசீது பழைய மாதிரியே, எண் போட்ட புத்தகத்தில், கார்பன் வைத்து. திரையில் வரும் பச்சை டிக் ரசீது ஆகாது. ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டினாலும் கணக்கில் காசு வந்ததா என்று பொருளாளர் பார்த்த பிறகுதான் எழுதுவார். உங்கள் மேல் சந்தேகம் என்று நினைக்க வேண்டாம், எனக்கும் அதே விதிதான். ரசீதில் பெயர், தொகை, தேதியோடு அந்தப் பரிமாற்ற எண்ணின் கடைசி நான்கு இலக்கமும் இருக்கும். மகன் அனுப்பி அப்பா பெயரில் ரசீது வேண்டுமானால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் மகன் பெயரில்தான் போகும். அடுத்த சனிக்கிழமை பஜனை முடிந்ததும் ரசீது கையில் தருவோம்; வர முடியாதவர்களுக்கு வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறோம். நம் மடத்துக்கு 80ஜி பதிவு இல்லை, ஆகவே இந்த ரசீதை வைத்து வருமான வரியில் கழிவு கேட்க முடியாது. ஓய்வூதியம் வாங்கும் ஆசிரியர்கள் கவனிக்கவும்.

ஞாயிறு காலை 10 மணிக்கு மடத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு ரூபாய் அனுப்பிப் பழகிக் காட்டுகிறோம். போனைச் சார்ஜ் போட்டு எடுத்து வாருங்கள். கண்ணாடியையும் மறக்க வேண்டாம். போன தடவை ஒரே கண்ணாடியை நான்கு பேர் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்கள்.

இப்படிக்கு,
செயலாளர்,
பஜனை மடம், தருமபுரி