நாலாயிரம் அட்டைகளும் ஒரு மென்பொருளும்

எல்லோருக்கும் வணக்கம். துறைத்தலைவர் போனில் கூப்பிட்டு, "மேடம், மேற்கோள் காட்டுவது அன்றைக்கு எப்படி இருந்தது, இன்றைக்கு எப்படி இருக்கிறது, அரை மணி நேரம் பேசினால் போதும்" என்றார். நானும் சரி என்றுவிட்டேன். அதனால்தான் காலையில் கடலூரிலிருந்து இந்தச் செருப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு புதுச்சேரிக்கு வந்தேன். கண்டக்டர் தம்பி "புதுச் செருப்பாம்மா?" என்று கேட்டார். இல்லை தம்பி, முப்பது வருஷப் படிப்பு என்றேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

பெட்டியைத் திறக்கிறேன். ஆளுக்கு ஒன்று எடுத்துப் பாருங்கள், வரிசையை மட்டும் கலைக்காதீர்கள். ஐந்துக்கு மூன்று அங்குல அட்டை. இடது மூலையில் தலைப்பு, வலது மூலையில் நூலக எண், நடுவில் ஆசிரியர், நூல், ஊர், பதிப்பு, ஆண்டு, பக்கம். அதற்குக் கீழே ஒரே ஒரு செய்தி. ஓர் அட்டைக்கு ஒரு செய்திதான், இரண்டாவதை எழுதினால் அந்த அட்டையை எந்தத் தலைப்பில் செருகுவது என்று தெரியாமல் போய்விடும். கடையில் வாங்கும் அட்டைக்குக் காசு ஆகும் என்பதால் கல்யாணப் பத்திரிகைகளை அளவாக வெட்டி அதன் பின்பக்கத்திலும் எழுதினேன். கையில் இருப்பதைத் திருப்பிப் பாருங்கள், யாராவது ஒருவருக்கு மஞ்சள் தடவிய ஓரம் இருக்கும்.

நான் ஆராய்ச்சி செய்தது 1980களின் தொடக்கத்தில். பொருள், சோழமண்டலக் கரையின் வணிகம். அதற்கு, பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் வணிகத் தரகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இல்லாமல் ஒரு அடி நகர முடியாது. 1736 முதல் 1761 வரை இந்த ஊரில் உட்கார்ந்து அவர் எழுதியது, ஆங்கில மொழிபெயர்ப்பு மட்டும் 12 தொகுதி, 1904 முதல் 1928 வரை சென்னையில் அச்சானது. முதல் மூன்று தொகுதிக்கு பிரைசும் ரங்காச்சாரியும் பதிப்பாசிரியர்கள், மீதிக்கு டாட்வெல். இதை எப்படி மேற்கோள் காட்டுவீர்கள்? தொகுதியும் பக்கமும் போட்டால் மொழிபெயர்ப்பை வைத்திருப்பவருக்கு மட்டும் உதவும். பிள்ளை எழுதிய தேதியையும் சேர்த்துப் போட்டால் தமிழ்ப் பதிப்பை வைத்திருப்பவரும் தேடி எடுத்துக்கொள்வார். என் அட்டைகளில் இரண்டும் இருக்கும். அதைச் சொல்லிக் கொடுத்தவர் என் வழிகாட்டி. தேதி இல்லாத அட்டையைப் பார்த்தால் பேசவே மாட்டார், அட்டையை அப்படியே மேசையில் என் பக்கமாகத் தள்ளுவார்.

எழுதி முடித்தால் வேலை முடிந்ததா? மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜாப் டைப்பிங் கடை. அடிக்குறிப்பு பக்கத்தின் அடியில் வரவேண்டும் என்பதால் டைப் அடிப்பவர் முதலிலேயே எத்தனை வரி போகும் என்று எண்ணி, தாளின் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொள்வார். நடுவில் நான் ஒரு அடிக்குறிப்பைச் சேர்த்தால் அந்தப் பக்கம் முழுவதும் போச்சு, மூன்று கார்பன் பிரதியோடு சேர்த்து. அதைவிடப் பெரிய வம்பு 'மேலது'. முந்தைய குறிப்பில் சொன்ன அதே நூல் என்று பொருள். 14ஆம் குறிப்பு ஒரு நூல், 15ஆம் குறிப்பு 'மேலது, ப. 60' என்று இருக்கும். இரண்டுக்கும் நடுவில் புதிதாக ஒன்றைச் செருகிவிட்டு 'மேலது'வைக் கவனிக்காமல் விட்டால், அது புதிதாக வந்த நூலைக் காட்ட ஆரம்பித்துவிடும். அந்தக் காலத்து ஆய்வேடுகளில் இப்படி அப்பன் பேர் மாறிய குறிப்புகள் எத்தனையோ. மேற்கோள் முறைக்குப் பலரும் பின்பற்றும் சிகாகோ கையேடே 2017 பதிப்பில் இந்த வழக்கம் வேண்டாம், சுருக்கப் பெயரே போடுங்கள் என்று சொல்லிவிட்டது. நல்ல காரியம்.

அட்டைக்காலத்தில் எல்லோரும் யோக்கியம், மென்பொருள் வந்துதான் கெட்டுப்போனது என்று சொல்ல நான் வரவில்லை. என் கதையையே சொல்கிறேன். ஒரு செய்தியை மட்டும் நான் மூலத்தில் பார்க்கவில்லை, வேறொருவர் புத்தகத்து அடிக்குறிப்பில் இருந்த தொகுதி எண்ணையும் பக்கத்தையும் அப்படியே அட்டையில் எழுதிக்கொண்டேன். சென்னைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்து, போகாமலே விட்டது. வாய்மொழித் தேர்வில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் அந்த ஒரு குறிப்பைத்தான் கேட்டார்! "அம்மா, நீங்கள் சொல்லும் தொகுதி அந்த வருஷத்துக்கே வராதே?" என்றார். முன்னவர் செய்த அச்சுப்பிழையை நான் முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறேன். அவர் சிரித்துவிட்டுப் பட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டார். எனக்கு இன்னும் அந்தச் சிரிப்பு காதில் இருக்கிறது.

உலக அளவில் இதைவிட வேடிக்கையான சங்கதி ஒன்று உண்டு. ஒரு பெரிய பதிப்பகம், ஆய்விதழ்களுக்கான வழிகாட்டியில் 'மேற்கோள் இப்படி இருக்கவேண்டும்' என்று காட்ட ஒரு மாதிரிக் கட்டுரையைக் கற்பனையாகப் போட்டது. ஆசிரியர் மூவர், இதழ், 2000ஆம் ஆண்டு, 51 முதல் 59 வரை பக்கம், எல்லாம் சுத்தமாக. அப்படியொரு கட்டுரையே கிடையாது. ஆனால் கிட்டத்தட்ட 400 கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருப்பதை 2017இல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். அதில் பெரும்பாலானவை, மாதிரியை அழிக்க மறந்து அப்படியே அனுப்பியவை. அட்டை வைத்திருந்தவர் செய்ய முடியாத தப்பு இது. அட்டையில் ஒவ்வோர் எழுத்தையும் கையால்தானே எழுதியாகவேண்டும்.

சரி, மேற்கோள்களைச் சேர்த்து வைத்து அடிக்குறிப்பு போட்டுத் தரும் மென்பொருளுக்கு வருவோம். ஆங்கிலத்தில் எண்ட்நோட் 1988லேயே வந்துவிட்டது. நம் ஊரில் நான் கண்ணால் பார்த்தது 2008 வாக்கில், என் மாணவி ஒருத்தி பயர்பாக்ஸில் ஸோட்டேரோவைப் போட்டுக் காட்டியபோதுதான். அது 2006இல் ஒரு பல்கலைக்கழகம் உருவாக்கி இலவசமாகக் கொடுத்தது, அப்போது பயர்பாக்ஸுக்குள்தான் ஓடும். நூலகத் தளத்தில் ஒரு புத்தகப் பக்கத்தைத் திறந்தாள், முகவரிப் பட்டியில் சின்னப் புத்தகப் படம் ஒன்று வந்தது, அதைத் தட்டினாள், ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம் எல்லாம் தானாகப் போய் உட்கார்ந்தது. நான் ஓர் அட்டைக்கு ஐந்து நிமிஷம் செலவழித்தவள். முதலில் கோபம் வந்தது, அப்புறம் ஆசை வந்தது.

ஆசை கொஞ்ச நாள்தான். 'ஆனந்தரங்கப் பிள்ளை' என்று போட்டால் அது என்ன செய்தது தெரியுமா? 'பிள்ளை, ஆ.' என்று 'ப'வில் கொண்டுபோய் வைத்தது. துபாஷ் பிள்ளையை அவர் ஊரிலேயே 'ஆ'வில் தேடினால் காணோம். உ. வே. சாமிநாதையரைப் பாருங்கள். உ என்பது உத்தமதானபுரம், வே என்பது அவர் அப்பா வேங்கடசுப்பையர். மென்பொருளின் கணக்கில் ஊரும் அப்பாவும் சேர்ந்துதான் அவருடைய சொந்தப் பெயர், சாமிநாதையர் என்பது குடும்பப் பெயர்! பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் குறி இருக்கும், அதைத் தட்டினால் இரண்டு பெட்டி ஒரே பெட்டியாக மாறும், பெயரை முழுசாக அதில் எழுதலாம். தமிழ் நூல் சேர்க்கும் ஒவ்வொரு தடவையும் இதைச் செய்யுங்கள். அலுப்புதான், இருந்தாலும் செய்யுங்கள்.

இன்னொன்று, டி.டி.பி. கடை. இந்த அறையில் பாதிப் பேர் கடைசியில் அங்கேதான் போவீர்கள். என் மாணவர் ஒருவர் யூனிகோடில், மேற்கோள் எல்லாம் உயிரோடு இருக்கும் கோப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தார். கடைக்காரர் பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கருக்குத் தோதாகப் பழைய எழுத்துருவுக்கு மாற்றினார். தமிழ் எழுத்து தப்பித்தது, ஆங்கில நூல் பெயர்கள் எல்லாம் கிறுக்கலாகிவிட்டன. அதைவிட, மேற்கோள்கள் மென்பொருளோடு தொடர்பு அறுந்து வெறும் எழுத்தாக நின்றன. நடுவில் ஒன்றைச் சேர்த்தால் எண் தானாக மாறாது. முன்னூற்றுச் சொச்சம் குறிப்பைக் கையால் திருத்தினோம், அவரும் நானும் என் வீட்டுக்காரரும். திரும்பவும் மஞ்சக்குப்பம் டைப்பிங் கடைக்கே போன மாதிரி இருந்தது. அதனால் மேற்கோள் உயிரோடு இருக்கும் கோப்பு ஒன்றை யாருக்கும் கொடுக்காமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போவது அதன் நகல்.

நான் முழுசாக மென்பொருளுக்கு மாறினது புயலால். தானே புயல், 2011 டிசம்பர் 30. உங்களில் பலர் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருப்பீர்கள். மாடியில் ஷீட் போட்ட ஓர் அறையில்தான் ஆறு பெட்டி அட்டை, நாலாயிரத்துக்குப் பக்கம். விடியற்காலை ஷீட் பறந்துவிட்டது. மழை நின்று மேலே போய்ப் பார்த்தால் அட்டைகள் தோசை மாதிரி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. கரண்ட் நாள்கணக்கில் இல்லை, மின்விசிறிக்கு வழியில்லை. கட்டிலில், திண்ணையில், துணிக்கொடியில் கிளிப் போட்டு, அம்மியின் மேல்கூடக் காயவைத்தோம். நீலமை பேனாவில் எழுதியதெல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது. பால்பாயிண்ட் தாங்கியது. பென்சில் அசையவே இல்லை. அவசரத்துக்குப் பென்சிலில் கிறுக்கினேனே, மையால் அழகாக எழுதியிருக்கலாமே என்று வருஷக்கணக்காக நான் வருத்தப்பட்ட அட்டைகள்தான் முழுசாகப் பிழைத்தன.

மிஞ்சியதை இரண்டு கோடை விடுமுறையில் கணினியில் ஏற்றினோம். அப்போதுதான் ஒன்று கவனித்தேன். நூல் பெயர், ஆண்டு எல்லாவற்றுக்கும் மென்பொருளில் பெட்டி இருக்கிறது. என் அட்டையின் அடியில் 'எழும்பூர் ஆவணக்காப்பகம், 12.7.82, மூலம் பார்த்தேன், பக்க ஓரம் கிழிந்துள்ளது' என்று எழுதியிருக்கிறேனே, அதற்குப் பெட்டி இல்லை. குறிப்புப் பகுதியில் போட்டோம். நீங்களும் போடுங்கள். மூலத்தில் பார்த்தேனா, கூகுள் ஸ்காலரில் மேற்கோள் பொத்தானை அழுத்தி எடுத்தேனா, பிற்பாடு வந்த மறுபதிப்பா, 1904 பதிப்பா, ஒரு வரி போதும். என் வாய்மொழித் தேர்வில் அந்த ஒரு வரி இருந்திருந்தால் நான் தலைகுனிந்திருக்க மாட்டேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி ஆய்வேட்டில் 10 விழுக்காடு வரை பிறர் எழுத்தோடு ஒப்புமை இருக்கலாம் என்று எல்லோரும் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். பார்க்காத புத்தகத்தைப் பார்த்ததாகச் சொன்னால் அதைப் பிடிக்க எந்த மென்பொருளிலும் விழுக்காடு வராது.

அட்டைகள் எல்லாம் திரும்பி வந்துவிட்டனவா? ஒன்று குறைகிறதே. ஆமாம், அதுதான். தம்பி, உங்கள் கையில் இருப்பதைத் தூக்கிக் காட்டுங்கள். வெறும் அட்டை மாதிரி தெரிகிறதா? மேலே மையில் எழுதிய நூல், ஆசிரியர், செய்தி எல்லாம் தானேயோடு போய்விட்டது. கீழே பென்சிலில் 'ப. 117, மிக முக்கியம்' என்று மட்டும் நிற்கிறது. எந்தப் புத்தகத்தின் 117ஆம் பக்கம் என்று பதிமூன்று வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். படிக்கும்போது எங்கேயாவது தட்டுப்பட்டால் கடலூருக்கு ஒரு போன் போடுங்கள்.