வலத்து மாடு

கார்த்திகைக் கடைசியில் மழை நின்றது. கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் கண்மாயில் தண்ணீர் இல்லை. திருப்புல்லாணிக்குக் கிழக்கே, கடலுக்குக் கிட்டத்தில் இருந்த மூன்று ஏக்கரிலும் பாதிக்கு மேல் பதர். ஏக்கருக்கு இருபது மூட்டை கண்ட நிலத்தில் ஆறு மூட்டைதான் தேறியது. நெல் போனது ஒரு பக்கம். பயிர் முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டதால் வைக்கோலும் போனது.

மாசி பிறந்ததும் மாட்டு வியாபாரி வந்தார். செவலையின் கீழ்தாடையைப் பிரித்துப் பார்த்தார். எட்டுப் பல்லும் தேய்ந்து முளைக்குச்சி மாதிரி இடைவெளி விட்டு நின்றன. சாணியைக் குச்சியால் கிளறினார். விரல் நீளத்துக்கு வைக்கோல் அப்படியே கிடந்தது.

"அசை போட முடியல. எவ்வளவு தின்னாலும் உடம்புல ஒட்டாது. சோடி அம்பத்திரெண்டாயிரம். உழவுக்கு யாரும் வாங்க மாட்டாங்கண்ணே, உங்களுக்கே தெரியும்."

முனியசாமி பதில் சொல்லவில்லை. செவலைக்குப் பதினாலு வயது, மயிலைக்குப் பதினொன்று. மயிலைக்குக் கழுத்தில் புண்ணில்லை, குளம்பில் வெடிப்பில்லை.

அன்று ராத்திரி மருமகள் வள்ளி நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டாள்.

"படப்புல ஒன்றரை டன்னுக்கு மேல இல்ல மாமா. ரெண்டுக்கும் ஒரு நாளைக்குப் பதினாலு கிலோ. வைகாசி தாண்டாது. ஐப்பசியில புல்லு முளைக்கிற வரைக்கும் வெளிய வாங்கணும். ஆடியில வைக்கோல் என்ன விலை விக்கும்னு உங்களுக்குத் தெரியாததா?"

"வித்துட்டா டிராக்டர்தான்," என்றான் செல்வம். "மணிக்கு ஆயிரத்து இருநூறு. ரெண்டு சால் ஓட்ட ஆறு மணி நேரம். ஏழாயிரத்து இருநூறோட முடிஞ்சுரும்ப்பா. மாட்டுக்கு ஆகிற செலவுல பாதி கூட வராது."

"கூப்பிட்ட அன்னைக்கு அவன் வரணுமே. புழுதி உழவுக்குப் பதம் ரெண்டு நாள், மிஞ்சினா மூணு. போன வருசம் அஞ்சாம் நாள் வந்தான். கட்டி கட்டியா விழுந்து விதை பாதி முளைக்கல. மிளகாய்க் கொல்லைக்கு எருவுக்கு எங்க போவ?"

செல்வம் சொன்னதும் பொய்யில்லை, முனியசாமி சொன்னதும் பொய்யில்லை. மாடு வைத்திருக்கும் வீட்டில் இந்த வழக்கு இப்படித்தான் இழுபடும், ரூபாய்க் கணக்கு மட்டும் தீர்த்து வைக்காது.

காளியம்மாள் அடுப்படியிலிருந்து வந்தாள். "மேலவீட்டு மச்சான் மாடு ஒண்ணு ஐப்பசியில பாம்பு கடிச்சுச் செத்துச்சே. மத்தது ஒத்தையாத்தான நிக்குது?"

முனியசாமி நிமிர்ந்தார். "அது எந்தப் பக்கத்து மாடு?"

"செத்தது வலத்து மாடு. நிக்கிறது இடத்து மாடு."

மயிலை வலத்தில் பழகியது. பக்கம் மாற்றிப் பூட்டினால் நுகத்துக்குள் திரும்பித் திரும்பி நிற்கும், சால் கோணும், அதைப் பழக்க ஒரு பட்டம் போய்விடும். இங்கே அந்தச் சிக்கல் இல்லை. ஒற்றை மாட்டுக்கு நாளைக்கு ஏழு கிலோ என்றால் இருக்கிற வைக்கோல் ஏழு மாதம் வரும், புரட்டாசியைத் தொட்டுவிடலாம். உப்புக்காற்றில் அடிப்படப்பு புழுத்துப்போகாமல் பனங்கட்டை போட்டுத் தூக்கி வைத்தால் போதும்.

மறுநாள் காலையில் இரண்டையும் பூட்டிப் பார்த்தார்கள். மேலவீட்டு மாடு மயிலையைவிட நாலு விரல் உயரம். நுகம் மயிலை பக்கம் சாய்ந்து, பாரம் முழுக்க அதன் கழுத்தில் இறங்கியது. முனியசாமி ஏர்க்காலை நுகத்தடியின் நடுவிலிருந்து உயரமான மாட்டின் பக்கமாக இரண்டு விரல் தள்ளிக் கட்டினார். மயிலையின் பூட்டாங்கயிற்றை ஒரு சுற்றுத் தளர்த்தி, பழைய சாக்கை மடித்துக் கழுத்தில் வைத்தார். நாலு சால் ஓடிய பிறகு கயிற்றை அவிழ்த்துத் தடவிப் பார்த்தார். சூடு இருந்தது, தோல் உரியவில்லை.

"ரெண்டு வருசம் தாங்கும்," என்றார் மச்சான்.

வியாபாரிக்குச் செல்வம் போன் போட்டான். செவலை மட்டும்தான் என்றதும் அவர் இருபதாயிரத்துக்கு இறங்கினார். காளியம்மாள் போனை வாங்கினாள். "சோடியில அதுதான் கனத்த மாடு. இருபத்தஞ்சுன்னா வாங்க, இல்லாட்டி பஸ் காசு செலவழிக்காதீங்க." இருபத்துமூன்றில் முடிந்தது. பதினாலாயிரம் நகைக்கடன் வட்டிக்கு. மீதியைத் தவிட்டுக்கென்று வள்ளி தனியாக எழுதி வைத்தாள்.

முனியசாமி அன்று செவலைக்குக் கஞ்சித்தண்ணீரில் புண்ணாக்குக் கரைத்து வைத்தார். தலைக்கயிற்றைக் கொடுக்கப்போவதில்லை, வியாபாரி வேறு கயிறு கொண்டுவர வேண்டும் என்று மகனிடம் சொன்னார். வேறெதுவும் பேசவில்லை.

சாயங்காலம் மச்சான் வந்தார். கூட்டு ஏரில் சண்டை வருகிற இடம் ஒன்றுதான். அதை அவரே எடுத்தார்.

"மொத மழைக்கு யாரு வயல் மாப்ள?"

"ஒங்களுது மேடு, சீக்கிரம் காஞ்சுரும். அதை மொதல்ல உழுதுருவோம். என்னோடது பள்ளம், ஒரு நாள் பொறுக்கும்."

"ரெண்டு நாள் ஆயிட்டா?"

"காலையில ஒங்களுக்கு, சாயந்திரம் எனக்கு. மத்தியான வெயில்ல பூட்டக்கூடாது, அதை மட்டும் இப்பவே பேசிக்கிருவோம்."