யாழினிக்கு அஞ்சு வயசு: வரவேற்புரை

எல்லாருக்கும் வணக்கம். வாங்க, வாங்க. படிக்கட்டுப் பக்கம் நிற்பவர்கள் முன்னால் வந்து உட்காருங்கள், பாய் இன்னும் இருக்கிறது.

லால்குடியிலிருந்து கிளம்பி நம்பர் 1 டோல்கேட்டில் பஸ் மாறி வந்திருக்கும் பெரியப்பா, பெரியம்மா, காலையிலேயே கரூரிலிருந்து வந்து அடுப்படியை ஏற்றுக்கொண்ட அத்தை, எங்கள் தெருக்காரர்கள், யாழினியின் யூ.கே.ஜி. சிநேகிதர்கள், அவர்களைக் கூட்டிவந்த அம்மா அப்பாக்கள், அனைவரையும் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு அன்போடு வரவேற்கிறேன்.

யாழினி 32 வாரத்திலேயே பிறந்துவிட்டாள். எடை 1 கிலோ 400 கிராம். அன்று ராத்திரி ஒரு மணிக்குக் கதவைத் தட்டியதும் சட்டைகூடப் போடாமல் ஆட்டோவை எடுத்த அண்ணன் இதோ, தண்ணீர் டிரம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அண்ணே, முன்னால் வாங்க.

இருபத்தாறு நாள் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அந்த இருபத்தாறு நாளும் எதிர்வீட்டு அக்கா என் மனைவிக்குப் பூண்டுக் குழம்பும் சோறும் கொடுத்தனுப்பினார்கள். நர்ஸம்மா ஒருவர் என் சட்டையைக் கழற்றச் சொல்லி, குழந்தையை என் நெஞ்சோடு சேர்த்துத் துணியால் கட்டினார். கங்காரு தன் குட்டியை வைத்துக்கொள்வதுபோல என்று விளக்கினார். அம்மாவுக்கு மட்டும்தான் இது என்று நினைத்திருந்தேன். அப்பாவின் உடம்புச் சூடும் குழந்தைக்குப் போதும் என்று அவர்தான் சொல்லிக் கொடுத்தார். ஒரு கையளவு உயிர் என் மேல் மூச்சுவிட்டுத் தூங்கியது. அந்த மணி நேரங்களை என்னால் மறக்க முடியாது.

வீட்டுக்கு வந்த பிறகு மாதாமாதம் எடை பார்த்து அட்டையில் குறித்துக் கொடுத்தவர் நம் அங்கன்வாடி டீச்சர். நூறு கிராம் கூடினால்கூட எங்களைவிட அவருக்குத்தான் சந்தோஷம். போன வாரம் பார்த்தோம் டீச்சர், 16 கிலோ!

முதல் பிறந்தநாளில் கூட்டம் சேர்க்க எங்களுக்குப் பயமாக இருந்தது. அப்புறம் ஒவ்வொரு வருஷமும் தள்ளிக்கொண்டே போனது. உங்கள் எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சாப்பாடு போட வேண்டும் என்ற ஆசை இன்றைக்குத்தான் நிறைவேறுகிறது.

சரி, பிள்ளைகளே, ஒரு விஷயம். கைப்பிடிச் சுவர் உயரம் குறைவு, அந்தப் பக்கம் ஓடக் கூடாது. பலூன் எல்லாருக்கும் உண்டு. கேக் முட்டை சேர்க்காதது. அடுத்து கேசரி, போண்டா, எலுமிச்சை சாதம், தயிர்சாதம். யாரும் சாப்பிடாமல் கிளம்பக் கூடாது.

எங்கள் வீட்டில் பிறந்தநாளன்று விளக்கை ஊதி அணைப்பதில்லை, ஏற்றுவோம். அம்மா, நீங்கள் வந்து யாழினியின் கையைப் பிடித்துக் குத்துவிளக்கை ஏற்றுங்கள். பெரியவர்கள் ஒவ்வொருவராக வந்து அவள் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் பண்ணுங்கள். யாழினி, வாடா கண்ணு, பாட்டி பக்கத்தில் நில்.